தேங்காய்ப்பால் மாவுக்குள் பசுப்பால்: பொதியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வாசிப்பது எப்படி
(வீடு திரும்பும் குடும்பங்களுக்காகக் கண்டியில் நடந்த தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பளை, நாவலப்பிட்டி, ஹந்தானைப் பக்கமெல்லாம் இருந்து வந்து, இன்னும் சில நாட்களில் உங்கள் வீட்டுக்கோ லயத்துக்கோ திரும்பிப் போகப் போகிறீர்கள். போகும்போது கையில் ஓர் உலர் உணவுப் பொதி இருக்கும். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, பால்மா, சோயாமீட், பிஸ்கட், ரின் மீன், தேங்காய்ப்பால் மா. முகாமில் இருந்தபோது ஒரே சமையலறையில் சமைத்துத் தந்தார்கள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எழுதி வைத்தும் இருந்தோம். வீட்டில் அந்தப் பட்டியல் இருக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் நீங்களும் அந்தப் பொதியும்தான்.

இன்று அந்தப் பொதியில் உள்ள ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தேங்காய்ப்பால் மா. காரணம் இருக்கிறது.

ஏற்கெனவே வீடு திரும்பிய ஒரு குடும்பத்தில் 4 வயதுப் பிள்ளை. பசுப்பால் ஒவ்வாமை என்று வைத்தியர் சொன்ன பிள்ளை. அந்த அம்மா கவனமானவர். பால்மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பிஸ்கட்டையும் கொடுக்கவில்லை. போன இரண்டாம் நாள் பருப்புக் கறி வைத்திருக்கிறார். தேங்காய் இல்லை, அதனால் பொதியில் இருந்த தேங்காய்ப்பால் மாவைக் கரைத்து ஊற்றினார். பிள்ளை சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, உதடு வீங்கி, வாந்தியும் எடுத்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை இப்போது நலம். அந்த அம்மா எங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னது இதுதான்: "நான் பாலே கொடுக்கல்லையே தம்பி. தேங்காய்ப்பால் தானே போட்டேன்."

அந்தப் பொதியைக் கொடுத்தது நாங்கள். பொதியின் பின்பக்கத்தை நாங்களும் வாசித்திருக்கவில்லை.

படம் எடுத்த கதை

பைக்கற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் வந்தது முன்பக்கப் படம். பெரிய தேங்காய், பச்சை ஓலை, "100% இயற்கைத் தேங்காய்", "கொலஸ்ட்ரோல் அற்றது", ஒரு பச்சைப் புள்ளி. பின்பக்கத்தை எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் பளபளப்பான தாளில் பட்டு, நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம்தான் தெரிந்தது. மூன்றாவது படம் தெளிவு. ஆனால் கடைசி வரி பைக்கற் ஒட்டிய மடிப்புக்குள் போயிருந்தது. நான்காவது படத்தில்தான் எல்லாம் வந்தது.

அதில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். தேங்காய்ப்பால், மால்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட், நிலைப்படுத்தி E339, கட்டியாகாமல் தடுக்கும் பொருள் E551. மடிப்புக்குள் இருந்த கடைசி வரியில், பால் புரதம் அடங்கியுள்ளது.

சோடியம் கேசினேட் என்பது பசுப்பாலில் இருந்து எடுக்கும் புரதம். அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது அதேதான்.

தேங்காய்ப்பாலுக்குள் பசுப்பால் ஏன் வருகிறது? யாரும் ஏமாற்றுவதற்காகப் போடுவது இல்லை. தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம். அதைச் சூடான காற்றில் தெளித்துத் தூளாக்கும்போது எண்ணெய் வெளியே கசிந்து, தூள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். கேசினேட் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றி மெல்லிய தோல் போல மூடிக்கொள்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் தூளுக்கு உடம்பு கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீரில் கலக்கும்போது மறுபடியும் பால் போல வரும். அதனால்தான் பல தேங்காய்ப்பால் மா வகைகளில் இது இருக்கிறது. கேசினேட் போடாமல் செய்யும் வகைகளும் உண்டு. முன்பக்கத்தைப் பார்த்து எது எது என்று பிரித்தறிய முடியாது.

போனில் எப்படிப் படம் எடுப்பது

எழுத்து கடுகு அளவில் இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் பலருக்குத் தெரியாது. போனில் படம் எடுத்தால் விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம், தெரிந்தவருக்கு அனுப்பலாம். ஆனால் படம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பைக்கற்றை வெட்டுவதற்கு முன்னரே எடுங்கள். வெட்டும்போது பல தடவை பட்டியலும் சேர்ந்து போய்விடும். ஜன்னல் பக்கம் அல்லது வாசலில், பகல் வெளிச்சத்தில் மேசை மீது வையுங்கள். ஃபிளாஷை நிறுத்துங்கள். தாளைக் கையால் இழுத்துச் சுருக்கம் இல்லாமல் பிடிக்க இன்னொருவர் உதவட்டும். போனை மிகக் கிட்டக் கொண்டுபோனால் எழுத்து மங்கும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் எழுத்து உள்ள இடத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு எடுங்கள்.

ஒரே படத்தில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்க வேண்டாம். பட்டியலின் முதல் சொல்லில் இருந்து நடு வரை ஒன்று, நடுவில் இருந்து கடைசி வரை ஒன்று. இரண்டு படத்திலும் ஒரு வரியாவது பொதுவாக வரட்டும், அப்போது இடையில் எதுவும் விடுபடவில்லை என்று தெரியும். ஒட்டிய மடிப்பை விரலால் விரித்து அதையும் எடுங்கள். கடைசியாகத் திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள இடத்தை ஒரு படம் எடுங்கள்.

எடுத்த பின் பெரிதாக்கிப் பாருங்கள். இலக்கங்களைக் கவனமாகப் பாருங்கள். மங்கலான படத்தில் E322 உம் E222 உம் ஒன்று போலத் தெரியும். E322 என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயாவில் இருந்து எடுப்பது. E222 சல்பைற்று வகை. E220 முதல் E228 வரை உள்ள சல்பைற்று வகைகள் சில ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பை வரவைக்கும். ஓர் இலக்கம் மாறினால் ஆளே மாறிவிடுகிறது. நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள், மறுபடியும் எடுங்கள். இந்தியாவில் இருந்து வரும் பொதிகளில் E என்ற எழுத்துக்குப் பதிலாக INS 322 என்று இருக்கும். இரண்டும் ஒரே பொருள்தான்.

எந்த வரியை முதலில் பார்ப்பது

பட்டியலின் முடிவுக்கு முதலில் போங்கள். அங்கே Contains என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பின்னால் வருவது நிச்சயமாக உள்ளே இருக்கும் பொருள். அங்கே Milk என்று இருந்தால் அதோடு முடிந்தது, அந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம். May contain என்று தொடங்கினால், அந்தப் பொருளை வேண்டுமென்று போடவில்லை, ஆனால் அதே இயந்திரத்தில் வேறு பொருள் ஓடியதால் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்று அர்த்தம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அதையும் தவிர்ப்பதுதான் சரி.

அந்த வரியே இல்லாவிட்டால் "பால் இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். இனிப் பட்டியலை முதலில் இருந்து வாசியுங்கள். நிறையில் கூடியது முதலாவதாகவும், குறைந்தது கடைசியாகவும் எழுதியிருப்பார்கள். சீனி வருத்தக்காரருக்கு முதல் மூன்று சொற்கள் முக்கியம். ஒவ்வாமை உள்ளவருக்குக் கடைசிச் சொல்லும் முதல் சொல்லும் ஒன்றுதான். சிட்டிகை அளவும் போதும்.

பசுப்பால் ஒளிந்திருக்கும் பெயர்கள் சில. இவற்றை ஆங்கில எழுத்திலேயே கண்ணால் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல பொதிகளில் பட்டியல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது:

- Casein, Caseinate: பாலின் புரதம்
- Whey: பால் திரைந்த பின் பிரியும் நீர்; பிஸ்கட்டில் அதிகம்
- Milk solids, Skimmed milk powder: பால்மா
- Butter, Ghee: வெண்ணெய், நெய்
- Lactose: பால் சீனி, பாலில் இருந்து வருவதால் புரதம் ஒட்டியிருக்கலாம்

சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் "கிரி" என்ற சொல்லைத் தேடுவீர்கள். "பொல் கிரி" தேங்காய்ப்பால், அது பயமில்லை. "எளகிரி", "கிரி பிட்டி", அல்லது வெறும் "கிரி" என்று வந்தால் பசுப்பால்.

பால் போலக் கேட்டாலும் பால் அல்லாதவையும் உண்டு. Lactic acid, அதாவது E270, ஒரு புளிப்புப் பொருள். அதில் பால் புரதம் இல்லை. E471 என்பது கொழுப்பில் இருந்து செய்வது, அதுவும் பால் புரதம் அல்ல. நாம் பார்த்த பைக்கற்றில் இருந்த E339 பொஸ்பேற்று உப்பு, E551 மணல்போன்ற ஒரு நுண்தூள். இலக்கத்தைக் கண்டு எல்லாவற்றுக்கும் பயந்தால் பிள்ளைக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பைக்கற்றில் பிள்ளைக்கு ஆபத்தானது இலக்கமே இல்லாத ஒரு சொல்.

முன்பக்கம் சொன்னது என்ன

இப்போது முன்பக்கத்துக்குத் திரும்புவோம்.

"100% இயற்கைத் தேங்காய்" என்றால் உள்ளே இருக்கும் தேங்காய் இயற்கையானது என்று சொல்லித் தப்பலாம். பைக்கற்றில் தேங்காய் மட்டும்தான் இருக்கிறது என்று அந்தச் சொல் உறுதி தரவில்லை. பின்பக்கத்தில் ஐந்து பொருள் இருந்தது.

"கொலஸ்ட்ரோல் அற்றது" உண்மைதான். தேங்காயில் ஒருபோதும் கொலஸ்ட்ரோல் இருந்ததில்லை, அது விலங்குணவில் இருப்பது. ஆனால் தேங்காயில் நிறைந்த கொழுப்பு அதிகம், அதுதான் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைக் கூட்டுவது. இருதய வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் தாத்தா இந்தச் சொல்லைப் பார்த்து அதிகமாகப் பாவிக்க வேண்டாம்.

பச்சைப் புள்ளி. இந்தியப் பொதிகளில் சைவம் என்பதைக் காட்டும் அடையாளம். மச்சம், மீன், முட்டை இல்லை என்று அர்த்தம். பால் சைவத்தில் அடக்கம். ஆகவே பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பால் இல்லை என்று எடுத்தால் தவறு. தேநீருக்குப் போடும் கிறீமர் தூளில் "பால் அல்லாதது" என்றே எழுதியிருக்கும், பின்னால் பார்த்தால் அதே கேசினேட் இருக்கும். "லாக்டோஸ் அற்ற" பாலிலும் புரதம் அப்படியே இருக்கிறது. அது பால் குடித்தால் வயிறு ஊதுகிறவருக்குச் செய்தது, ஒவ்வாமைக்காரருக்கு அல்ல. ஆட்டுப்பாலும் எருமைத் தயிரும்கூடப் பெரும்பாலும் அதே பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்று, சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு. சில தூள்களின் முன்பக்கத்தில் "சீனி சேர்க்கப்படவில்லை" என்று இருக்கும். நம் நாட்டில் பொதிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திண்ம உணவில் 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 8 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. அந்த வட்டம் சீனியை மட்டும் கணக்குப் பார்க்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் மாப்பொருளை உடைத்துச் செய்தது. அது சீனிக் கணக்கில் வராது, ஆனால் வயிற்றுக்குள் போனதும் வேகமாகக் குளுக்கோசாக மாறும். பட்டியலில் அது இரண்டாம் இடத்தில் இருந்தால், பச்சை வட்டம் இருந்தாலும் அளவோடு போடுங்கள்.

பட்டியலும் பொய் சொல்லலாம்

2013 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் இறக்குமதி செய்யப்பட்ட ரின் தேங்காய்ப் பானம் ஒன்றைக் குடித்து, ஒவ்வாமையால் இறந்துபோனான். பானத்தில் பசுப்பால் இருந்தது. ரின்னின் சிட்டையில் அது குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. இறக்குமதி செய்த நிறுவனம் பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த வீட்டார் பட்டியலை எவ்வளவு கவனமாக வாசித்திருந்தாலும் அதில் பாலைக் கண்டிருக்க முடியாது.

அதனால் மூன்று விடயத்தை மனதில் வையுங்கள். சில்லறையாகப் பிரித்து, பொலித்தீன் பையில் கட்டி விற்கும் தூளுக்குப் பட்டியலே இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதை வாங்க வேண்டாம். வேறு மொழிப் பட்டியலுக்கு மேலே ஒட்டிய சிறு சிட்டை இருந்தால் இரண்டையும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் போன மாதம் வாங்கியது நல்லதாக இருந்தாலும் இந்த மாதம் கலவை மாறியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் படம் எடுங்கள்.

ஒத்துக்கொள்ளாமல் போனால்

தோலில் தடிப்பு மட்டும் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உதடு, நாக்கு வீங்குவது, குரல் அடைப்பது, மூச்சு இழுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் உட்காரவைக்கலாம். நடக்கவைக்க வேண்டாம். கடிக்குக் கொடுக்கும் மாத்திரையோ பாணியோ வீக்கத்தையும் மூச்சையும் நிறுத்தாது. அதற்கு ஊசி மருந்து வேண்டும். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. தூரம் என்றால் முதலில் கிட்டிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

பைக்கற்றை எறிய வேண்டாம். மீதித் தூளோடு மடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வைத்தியருக்கு அது உதவும். பட்டியலில் இல்லாத பொருளால் வந்தது என்று தெரிந்தால், அந்தப் பைக்கற்றையும் தொகுதி இலக்கப் படத்தையும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் சொல்லலாம். அதே தொகுதிப் பைக்கற் இன்னொரு வீட்டுக்கும் போயிருக்கும்.

கடைசியாக, இன்று போகும்போது செய்ய வேண்டியது. வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் பொதி கொடுக்கும் மேசையில் பெயரைச் சொல்லுங்கள். தேங்காய்ப்பால் மாவை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தேங்காய் தரச் சொல்லியிருக்கிறோம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சந்தேகம் என்றால் படத்தைக் குடும்பநல மருத்துவ மாதுவுக்கோ எங்களுக்கோ அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தப் பைக்கற்றை வெட்டாமல் வையுங்கள்.

அந்த அம்மா இப்போது பாதித் தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்துதான் பருப்புக்கு ஊற்றுகிறார். மீதிப் பாதியை உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்தால் மறுநாளைக்கும் வரும் என்கிறார்.